அணைக்க முடியாத பைக்

கம்பவுண்டரின் இரண்டு கைகளும் ஒரு பெரியவரின் முதுகுப் புண்ணில் இருந்தன. காது மட்டும் வாசலில் இருந்தது. அங்கே அவருடைய பைக் சாவி போட்டபடி ஓடிக்கொண்டு நின்றது.

அணைத்தால் மறுபடி எடுக்க முடியாது. செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. கிக்கரை மிதித்தால் வண்டி உடனே கிளம்பும். ஆனால் அவருக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மிதிக்கவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. தினமும் காலையில் மருமகன் மிதித்துக் கிளப்பிவிடுவார். போகிற எல்லா வீட்டிலும் மிதிக்க ஆள் கிடைக்காது என்பதால், வீடு திரும்பும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஓடும் வண்டியை வாசலில் விட்டு அதிக நேரம் இருக்க முடியாமல் இரண்டு வீட்டோடு நின்றுபோனார். மற்றவர்களுக்கு வேறு ஆட்கள் கட்டுப் போட்டார்கள். போட்ட லட்சணம் சொல்லும்படியாக இல்லை.

வாசலில் சத்தம் நின்றது. அவர் பிளாஸ்திரியின் கடைசி முனையையும் ஒட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார். பெரியவரின் மகன் வந்து கிக்கரை மிதித்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்தார். "பொகை பூரா வீட்டுக்குள்ள வருதுங்க. அந்தச் செவப்பு சுவிட்ச தள்ளிவிட்டது நான்தான்."

கில் சுவிட்ச். அது அணைந்திருந்தால் எத்தனை மிதி மிதித்தாலும் இன்ஜின் பிடிக்காது. அதைத் திருப்பியதும் அடுத்த மிதியிலேயே வண்டி கிளம்பியது.

"இதையே முதல்ல பாக்கக் கூடாதா சார்?" என்றார் மகன், மூச்சு வாங்கியபடி.

"முட்டிய மட்டுமே நெனச்சிட்டிருந்தேன், தம்பி."

அன்று அவர் உடனே வீடு திரும்பவில்லை. "ஸ்டார்ட்டர் ரிலே போயிடுச்சு மாமா, ஆர்டர் போட்டிருக்கேன்" என்று மருமகன் சொல்லிச் சொல்லியே நாள் போய்க்கொண்டிருந்தது. ஏசி ரிப்பேர் செய்கிறவர். ஒயர் விஷயத்தில் அவர் பேச்சை யாரும் மறுப்பதில்லை. கம்பவுண்டர் நேராக மெக்கானிக் கடைக்குப் போனார்.

மெக்கானிக் ஹாரனை அடித்தார். நன்றாகக் கத்தியது. ஹெட்லைட்டும் மங்கவில்லை. பக்கத்து மூடியைக் கழற்றி, பேட்டரி டெர்மினல்களில் படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, இறுக்கி முடுக்கினார். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினார். ஒன்றுமில்லை.

"ரிலே 'டிக்'குன்னாவது சொல்லணும். இது மௌன விரதம் இருக்குது." ஸ்குரூ டிரைவரை ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கும் குறுக்கே வைத்தார். பொறி பறந்தது, மோட்டார் சுற்றியது. "மோட்டார் நல்லாருக்கு. பேட்டரியும் நல்லாருக்கு. பட்டன்லேர்ந்து வர்ற சேதிதான் இங்க வந்து சேரல."

ரிலேக்கு வரும் மெல்லிய ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போனார். முனையிலிருந்த கப்ளர் என்ற சொருகி கழற்றி மடிக்கப்பட்டு, புது டேப்பால் ஃபிரேமோடு சுற்றப்பட்டிருந்தது.

"இது தானா கழண்டதில்லண்ணே. கைகாரன் வேலை."

சொருகினார். பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. கம்பவுண்டர் அணைத்தார், கிளப்பினார், மறுபடி அணைத்தார்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவர் வண்டியை அணைத்து, பட்டனில் மறுபடி கிளப்பிய சத்தம் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் அவர கழட்டச் சொன்னேன். சிக்னல்ல கால் மடங்கி விழுந்தீங்கல்ல? போகாதீங்கன்னா கேக்கறீங்களா?"

"கேக்கலன்னா ஏமாத்துவியா?"

"மறதிக்காரங்க வீட்டுல அடுப்புத் திருகைக் கழட்டி ஒளிச்சு வைக்கச் சொல்றது யாரு? நீங்கதானப்பா. சண்டை போடாம வேலை முடியும்னு சொல்லுவீங்கல்ல."

அவர் உட்கார்ந்தார்.

"அவங்களுக்கு அடுப்பு எரியறதே தெரியாதும்மா. எனக்குத் தெரியும். விழுந்ததும் தெரியும், ஏன்னும் தெரியும். வலது கால ஊனினேன். இப்ப இடது காலத்தான் ஊனறேன்."

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா நீதான் பாக்கணும். அது உன் கஷ்டம், இல்லேங்கல. ஆனா என்னைப் பூட்டி வெக்கறதுன்னா சொல்லிட்டுப் பூட்டு."

மருமகன் குளியலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் ஸ்பேனரோடு வண்டியருகே குனிந்தார். கிக்கரின் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியை ஆட்டி உருவி, துடைத்து, வழக்கம்போல் வந்து நின்ற மருமகனின் கையில் கொடுத்தார்.

"நீங்க தினமும் மிதிச்சு ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க, மாப்பிள்ளை. இனி ஒயரைக் கழட்டினா நான் வாசலத் தாண்ட முடியாது, பூட்டறது பூட்டறதாவே தெரியும். உங்க இஷ்டம்."

மகள் படியில் நின்று, "ஒவ்வொரு வீட்டுக்கும் போனதும் போன் பண்ணணும்" என்றாள்.

"பண்றேன்."

பட்டனை அழுத்தினார். விட்டுப்போன வீடுகளில் மிக மோசமான புண் இருந்த வீட்டுக்கு முதலில் போனார். வாசலில் வண்டியை அணைத்துவிட்டு, போன் செய்தார்.