இருநூற்றைம்பது சொல்லுக்குள் ஓர் இறால் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம் மொழிபெயர்க்கத் தருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "சின்ன வேலைதான் மிஸ், அரைப் பக்கம்." அரைப் பக்கம்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்துக்குள் இரண்டு வருட வேலையை மடித்துத் திணித்து வைத்திருப்பார்கள். ஒரு கதையை மொழிபெயர்த்தால் ஒரு சொல்லை அங்கே இங்கே நகர்த்தலாம், கேட்க ஆள் இல்லை. ஆய்வுச் சுருக்கத்தில் ஒரு தசமப்புள்ளி நகர்ந்தால் போச்சு. அதனால் அந்த வேலை வந்தால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். வீட்டில் யாரும் தேத்தண்ணி கேட்டுக் கிட்ட வரமாட்டார்கள்.

அன்றைக்கு வந்தவள் பெரியகல்லாற்றுப் பிள்ளை. பிரதேச செயலகத்தில் வேலை, வார இறுதியில் முதுமாணிப் படிப்பு. கல்லடியில் என் வீட்டு வாசலில் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியவர் அவளுடைய அண்ணன், ஊர் மீனவர் சங்கத்தின் செயலாளர். ஹெல்மெட்டைக் கழற்ற முதலே ஒரு பை நண்டை என் கையில் தந்தார். நண்டு உயிரோடு இருந்தது, பைக்குள் கிடந்து கிறுகிறுவென்று சத்தம் போட்டது. நண்டைக் கண்டதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது கஷ்டமாகிவிட்டது.

"மிஸ், இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ள ஏத்தணும்," என்றாள் அவள். "விட்டா இந்த வருச ஆய்வரங்கு போயிடும். அரங்கில வாசிச்சாத்தான் பட்டம் தருவாங்க."

"இப்ப நேரம் என்ன?"

"ரெண்டு மணி."

நல்லாய்த்தான் வந்து சேர்ந்தாய் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு கணினியைத் திறந்தேன்.

ஆய்வு இதுதான். வாவியில் இறால் பிடிக்கிற ஆட்களுக்குச் சங்கம் ஒரு பயிற்சி நடத்தியிருந்தது. எந்தக் கண்ணளவு வலை, எந்த நேரத்தில் இடுவது, எப்போது எடுப்பது என்று சொல்லிக்கொடுத்த பயிற்சி. அதை முன்னின்று நடத்தியது அண்ணன்தான். பயிற்சி எடுத்த முப்பத்து நான்கு பேரையும் எடுக்காத முப்பத்தாறு பேரையும் பிடித்து, ஒரு வாரத்தில் எத்தனை கிலோ இறால் பிடித்தார்கள் என்று தங்கை கேட்டு எழுதி ஒப்பிட்டிருந்தாள். பயிற்சி எடுத்தவர்களின் இடையம் 11.5, எடுக்காதவர்களுடையது 9.8. இடையம் என்றால் எல்லோரையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற பெறுமானம். சராசரி வேறு. இதை மாற்றி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

"பாத்தீங்களா மிஸ்," என்று அண்ணன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எங்கட ஆக்கள்தான் கூட. பயிற்சி வேல செஞ்சிருக்கு. அத நல்ல இங்கிலீசில போடுங்க."

தங்கை யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டு துப்பட்டா நுனியை முறுக்கினாள். எதற்கு இந்த முறுக்கல் என்று அடுத்த வரியை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

'இருப்பினும், மான்-விட்னி யூ சோதனையின்படி, இம்மாதிரியில் இரு குழுக்களுக்குமிடையே புள்ளிவிபர ரீதியில் பொருளுள்ள வேறுபாடு காணப்படவில்லை (U = 463, p = 0.080).'

அண்ணன் இந்த வரியையும் வாசித்துத்தான் இருப்பார். ஆனால் 'மான்-விட்னி' வந்ததுமே கண் தாவி அடுத்த வரிக்குப் போயிருக்கும். யாருக்கும் போகும். நான் வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். 0.080 என்பதை 0.08 என்று எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. கடைசிச் சுழியத்துக்குப் பெறுமதி இல்லாவிட்டாலும் மூன்றாம் தானம் வரைக்கும் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று அது சொல்கிறது. அவள் வைத்த சுழியத்தை எடுக்க நான் யார்?

நான்கு மணிக்கு முடித்தேன். எண்ணிப் பார்த்தால் இருநூற்று அறுபத்தேழு சொல். ஆய்வரங்கின் எல்லை இருநூற்றைம்பது. ஒரு சொல் கூடினாலும் அவர்களுடைய இணையத்தளம் ஏற்காது.

"அதெப்புடி மிஸ்?" என்று தங்கை திகைத்தாள். "தமிழில இருநூறும் வரல்லையே."

இதுதான் தமிழில் ஆய்வு எழுதுகிற எல்லோரும் விழுகிற குழி. நாங்கள் 'காணப்படவில்லையென்பதால்' என்று ஒரே மூச்சில் ஒட்டி எழுதிவிட்டு ஒரு சொல் என்று எண்ணிக்கொள்வோம். இங்கிலீஷில் அதை அவிழ்த்துப் போட்டால் ஆறு சொல்லாய்ப் பரவிக் கிடக்கும். இவளும் தமிழைப் பார்த்து 'இடம் நிறைய இருக்கே' என்று இன்னும் இரண்டு வரியை மகிழ்ச்சியாய்ச் சேர்த்துவிட்டு வந்திருந்தாள்.

"வெட்ட வேண்டியதுதான்," என்றேன். "ஆனா நான் வெட்ட மாட்டன். ரெண்டு மொழியிலயும் பக்கத்தில பக்கத்தில அச்சடிப்பாங்க. நீங்க தமிழில வெட்டுங்க, அதப் பாத்து நான் இங்கிலீசில வெட்டுறன்."

அண்ணன் உற்சாகமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சங்கக் கூட்டங்களில் தீர்மானம் எழுதிப் பழகிய மனுசன்.

"முதல்ல அந்த ரெண்டு துரைமாரையும் எடுங்க. மான், விட்னி. ஆரு அவங்க? கல்லாத்தில ஒருத்தருக்கும் தெரியாது."

"எடுக்கேலாது. எந்தச் சோதனை செஞ்ச எண்டு சொல்லாட்டி எண்ணுக்கு மதிப்பில்ல."

"அப்ப 'இம்மாதிரியில்' எண்டுறத எடுங்க."

"அதுவும் ஏலாது. எழுபது பேரைப் பாத்துப்போட்டு முழு வாவிக்கும் சொன்னமாதிரிப் போயிடும்."

"'புள்ளிவிபர ரீதியில் பொருளுள்ள'? வாய்க்குள்ள நுழையுதில்ல மிஸ். அத எடுத்தா எத்தின சொல்லு மிஞ்சும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கேட்டதை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரையில் தமிழில் தட்டினேன். நல்ல சத்தமாக வாசித்தும் காட்டினேன்.

"இரு குழுக்களுக்குமிடையே வேறுபாடு இல்லை."

அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வேறுபாடு இல்லையா? எங்கட ஆக்களுக்குக் கூடத்தானே வந்த? அப்ப பயிற்சியால ஒண்டும் நடக்கல்லயா?" என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "என்ன புள்ள எழுதி வச்சிருக்காய்?"

நான் தட்டியதை அழித்து அவள் எழுதிய முழு வரியைத் திரும்ப வைத்தேன். இனி அவள்தான் பேச வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

அவள் மெல்லத்தான் தொடங்கினாள். "அண்ணன், ஒரே வலைய ரெண்டு நாள் ஒரே இடத்தில போட்டா ரெண்டு நாளும் ஒரே கணக்கா இறால் வருமா?"

"அதெப்புடி வரும்?"

"வித்தியாசம் வந்தா, வலைய மாத்தினதாலயா வந்த?"

"இல்ல. வாவி அப்புடித்தான்."

"அந்த மாதிரித்தான். பயிற்சிக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லாட்டிக்கூட, இந்தளவு வித்தியாசமோ இதவிடக் கூடவோ நூறு தரத்தில எட்டுத்தரம் சும்மா வரும். அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் பொருளுள்ளது எண்டு சொல்லலாம் எண்டு முதலே நான் முடிவெடுத்திருந்தன். வரல்ல. அதால பயிற்சி வேல செஞ்ச எண்டு எனக்குச் சொல்லேலாது. வேல செய்யல்ல எண்டும் சொல்லேலாது. இந்த எழுபது பேருக்குள்ள காணல்ல. அவ்வளவுதான்."

அண்ணன் திரையில் அந்த வரியை விரல் வைத்து மறுபடி வாசித்தார்.

"மிஸ், 'கிட்டத்தட்ட' எண்டு ஒரு சொல்லுப் போடேலாதா? கிட்டத்தட்டப் பொருளுள்ள எண்டு."

"தமிழில அவ போடல்ல. அப்ப இங்கிலீசிலயும் இல்ல."

"நீ போடுவியா?" என்று தங்கையைக் கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்றுதான். அவ்வளவு பயந்தாங்கொள்ளிக்கு அந்த ஒரு தலையாட்டல் எங்கிருந்து வந்ததோ தெரியாது, எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

மறுகா நடந்ததுதான் வேடிக்கை. நேரம் ஐந்தைத் தாண்டியது, பதினேழு சொல் இன்னும் போகவேண்டும். வயதுக்கும் பிடிபாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய வரியில் 'நலிவான' என்ற சொல்லைத் தங்கையே வெட்டப் பார்த்தாள், களைப்பில். "எடுக்காத," என்றார் அண்ணன். "நலிவான தொடர்பெண்டா நலிவானதுதான். அத எடுத்தா ஆக்கள் பெரிய தொடர்பு எண்டு நினைப்பாங்க." நான் திரும்பிப் பார்த்தேன். ஆள் முழுக் காவலாளியாகிவிட்டார். 'இம்மாதிரியில்' மேல் சுட்டி போனால் கையைத் தட்டிவிடாத குறை. 'மீனவர்கள் தாமே கூறியதன்படி' என்பதை நான் கொஞ்சம் உறுத்துப் பார்த்தாலே, "அது கிடக்கட்டும் மிஸ், நாங்க நிறுத்துப் பாக்கல்லத்தானே," என்றார்.

"அப்ப எதைத்தான் வெட்டுற?" என்று நான் வெடித்தேன். "எல்லாம் வேணும் எண்டா ஆய்வரங்குக்காரருக்கு ரெண்டு சுருக்கம் அனுப்புங்க."

அவர் விரலால் மேலே ஒரு வரியைக் காட்டினார். 'சங்கத்தின் அயராத உழைப்பினால் சிறப்புற நடத்தப்பட்ட இப்பயிற்சி மீனவர் மத்தியில் பெரும் வரவேற்பைப் பெற்றது.' இங்கிலீஷில் அது இருபத்திரண்டு சொல். அது அவருக்காகவே தங்கை எழுதிய வரி என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"இதில எண் ஒண்டும் இல்லையே," என்றார்.

"அண்ணன், அது கிடக்கட்டும். வேற பாப்பம்."

"வேற எங்க கிடக்கு? வெட்டு புள்ள, நேரம் போகுது."

அவள் வெட்டினாள். நானும் வெட்டினேன். இருநூற்று நாற்பத்தைந்து. எண்களைத் தங்கை தமிழிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் இங்கிலீஷில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். சுழியம் உட்பட எல்லாம் இருந்தது. ஆறுக்கு முதலே ஏற்றிவிட்டோம்.

அவர்கள் புறப்படும்போது நான் வாசல்வரை போனேன். அண்ணன் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே, புள்ள."

"எப்புடிச் சொல்ற? ரெண்டு வருசமா சனி ஞாயிறு எண்டு பாராம என்னை லெக்சருக்கு ஏத்தி இறக்கினது நீங்க. உங்கட பயிற்சி சரியில்ல எண்டு நானே எப்புடி வாயால சொல்ற?"

அவர் தங்கையின் தலையில் ஹெல்மெட்டை வைத்து, நாடியின் கீழ் வாரைப் பூட்டினார்.

"சரியில்ல எண்டு நீ எங்க எழுதின? காணப்படவில்லை எண்டுதானே எழுதியிருக்காய்."

அவள் ஹெல்மெட்டுக்குள் அழத் தொடங்கினாள். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பி, "ஏறு, இருட்டப்போகுது," என்றார்.