பாதி விலை கேட்டவருக்கு எழுதிய பதில்

எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான்.

முழங்கால் கெட்டுப்போனதால் மூன்று வருடமாகக் கொழுந்து மலைக்குப் போவதில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து தைக்கிறேன். இப்போது தையல் மெஷினை மிதிக்கவும் முழங்கால் விடுவதில்லை. ஹட்டன் டவுனில் ஒரு மெஷின் கடைக்காரர், மோட்டாரில் ஓடும் மெஷின் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை வரை எனக்காக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். மிதி மெஷினை நல்ல விலைக்கு விற்றால்தான் அதை வாங்கலாம். இல்லாவிட்டால் என் தையல் நின்றுவிடும்.

பழைய சாமான் விற்கும் இணையதளத்தில் மகள் போனிலேயே விளம்பரம் போட்டாள். நாலு படம், விலை முப்பதாயிரம். மெஷின் மேசையின் இழுப்பறை, அந்த லாச்சிக் கைப்பிடி உடைந்திருப்பதையும் எழுதச் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா சொல்றீங்க? வந்து பாக்கட்டுமே."

"வந்து பாத்துட்டு ஏமாத்திட்டேன்னு சொல்லவா? எழுது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவர் செய்தி அனுப்பினார். அவருடைய படத்தில் ஒரு வேனில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"அக்கா, லயத்து வீடு போல. சொவரப் பாத்தாலே தெரியுது. அங்க முப்பதுக்கு யாரு வாங்குவா? பதினஞ்சு தாறேன். நாளைக்கே வேன்ல வந்து ஏத்திக்கிறேன். சரின்னு சொல்லுங்க."

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பிளாக் பண்ணிரவாம்மா? படத்தயும் மாத்திருவோம். பின்னால ஒரு சேலையக் கட்டி எடுத்தா லயம்னு தெரியாது."

பக்கத்துக் காம்பரா அக்கா ரவிக்கை அளவு கொடுக்க வந்திருந்தார். "சேல எதுக்கு? சொவத்தையும் பேத்து எடுத்துக்கச் சொல்லு, வெல சரியா வந்துரும்," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினஞ்சாவது வருதே புள்ள. ஞாயித்துக்கெழம தாண்டுனா கடக்காரன் வச்சிருப்பானா?" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் 'பாதி' எனக்குப் புதிது இல்லை.

மலையில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள். நாள் முழுக்க நின்றாலும் அரை நாள் சம்பளம். ஒரு மழை நாளில் என் கொழுந்தை நிறுத்துவிட்டு, தண்ணீருக்கென்று கொஞ்சம் கழித்தார்கள். கழித்த பிறகு கிலோ குறைந்துவிட்டது. "ஒனக்கு அரைப் பேரு," என்றார் நிறுத்தவர். அவர் என்னைப் பார்க்கவில்லை, தராசைத்தான் பார்த்தார். ஈரச் சாக்கு இடுப்பில் ஒட்டியிருக்க, "சரிங்க," என்றேன். அப்படி எத்தனை சரிங்க சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்த மனிதர் தராசைக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டு எனக்கு அரைப் பேர் போட்டுவிட்டார்.

"போனைக் குடு," என்றேன். எதிரே முகம் இல்லாதது என்னைப் போன்றவளுக்கு வசதி. ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

"தம்பி, நீங்க பாத்தது சொவர. நான் விக்கிறது மெஷின. பெல்ட் புதுசு. லாச்சிக் கைப்பிடி மட்டும் ஒடஞ்சிருக்கு, அதையும் எழுதியிருக்கோம். வந்து தச்சுப் பாருங்க. கொற இருந்தா அதுக்குக் கொறைக்கிறேன். லயத்துல இருக்கிறதுக்காகக் கொறைக்க மாட்டேன். பாதிக்கு இல்ல."

உடனே பதில் வந்தது. "அப்ப நீங்களே வச்சு பூச பண்ணுங்க."

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் பண்றதுதான் தம்பி," என்று எழுதினேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வேன்காரரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

விளம்பரத்தில் 'விலை பேசலாம்' என்று இருந்தது. அதை எடுத்துவிடவா என்று மகள் கேட்டாள்.

"வேணாம். பேசலாம்னுதானே போட்டிருக்கு. பேசட்டும். படமும் அப்படியே கெடக்கட்டும். தீவாளிக்கு நானே சுண்ணாம்பு அடிச்ச சொவரு."

அன்று மாலை வரை வேறு யாரும் கேட்கவில்லை. மகள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். நான் வலிக்கிற காலோடு அக்காவின் ரவிக்கையைத் தைத்து முடித்தேன். பதினைந்துக்குக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வட்டவளையிலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் வந்தாள். இரண்டு துண்டுத் துணி தைத்துப் பார்த்தாள். கைப்பிடிக்காக ஆயிரம் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன். மெஷினை ஏற்றிக்கொண்டு போனாள். மாலை பஸ்ஸில் நானும் மகளும் ஹட்டனுக்குப் போனோம்.