செல்வமகளில் பாதி, ஃபண்டில் பாதி

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் மகளின் படிப்புக்கென்று அதை இரண்டாகப் பிரிப்போம். என் பங்கு, தபாலாபீஸில் அவள் பேரிலிருக்கும் செல்வமகள் கணக்குக்கு. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும் என் வீட்டுக்காரரின் பங்கு, மியூச்சுவல் ஃபண்டுக்கு. தீபாவளி முடிந்து கம்பெனியை மூடிவிட்டால் சம்பளம் கிடையாது. அதனால் மாதத் தவணை எங்களுக்கு ஒத்துவராது.

"அரசாங்க வட்டி. நிம்மதியாத் தூங்கலாம்" என்பேன்.

"தூங்கு, தூங்கு. விலைவாசி தூங்காது" என்பார்.

மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். சேர்க்கைக் கடிதத்தோடு அவளையும் கூட்டிக்கொண்டு தபாலாபீஸுக்கு நெஞ்சை நிமிர்த்திப் போனேன்.

"படிப்புக்குன்னா போன மார்ச் கடைசி இருப்புல பாதி வரைக்குந்தாம்மா எடுக்கலாம்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"பதினெட்டு முடிஞ்சா எடுக்கலாம்னு சொன்னீகளே!"

"பாதின்னும் சொல்லியிருப்போம். கல்யாணம்னாத்தான் இப்பவே கணக்கை முடிச்சு முழுசா வாங்க முடியும்."

வருஷா வருஷம் பணத்தை முழுசாகப் போட்டவள், விதியை மட்டும் பாதியோடு கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம், "மிச்சத்துக்கு ஃபண்டை வித்துருங்க" என்றேன். அவர் மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பொங்கலுக்கு எம்புட்டு இருந்துச்சு, இப்ப எம்புட்டு பாரு. இந்த நட்டத்துல எவனாவது விப்பானா? மார்க்கெட் ஏறட்டும்."

"போட்டதுக்கு மேலதான இருக்கு? இது எப்படி நட்டம்? திங்கக்கிழமைக்குள்ள ஏறிருவேன்னு மார்க்கெட் உங்க காதுல வந்து சொல்லுச்சா?"

மொபைலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விற்றாலும் பணம் வங்கிக்கு வர இரண்டு மூன்று வேலைநாள் ஆகும்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"ஏலே தம்பி, இதுக்கா மண்டைய உடைக்கிறீக? எம் மகன் இருக்கான்ல. கல்யாணத்த முடிச்சிருவோம், தபாலாபீஸ் பணம் முழுசா வந்துரும்."

என் வீட்டுக்காரர் மறுப்பார் என்று பார்த்தால், மனுஷன் யோசிக்கிறார்! ஃபண்டைத் தொடாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்ட யோசனை. பாவி மனுஷா, பெற்ற பிள்ளை பெரிசா, மொபைலில் தெரியும் பணம் பெரிசா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் மகள் எழுந்தாள்.

"அத்தை, எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. கணக்கை முடிக்க நான்தான் கையெழுத்துப் போடணும். கல்யாணத்துக்குன்னு போட மாட்டேன்." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "விக்க மனசு வரலைன்னா விடுங்கப்பா. நானும் கம்பெனிக்கு வாரேன். வெடிமருந்து அடைக்கிற ரூம்ல சேத்து விடுங்க."

வெடிவிபத்தில் கருகிய ஆட்களை அந்த அறையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்.

"வாயக் கழுவு!" என்று கத்தினார். மொபைலை எடுத்தார். அன்றைக்கு என்ன விலை என்றுகூடப் பார்க்காமல் அத்தனையையும் விற்றார்.