ராகு காலத்தில் எழுதிய நிபந்தனை

புத்தூரில் ஒரு களஞ்சியம் வாடகைக்கு வந்தது. மிளகாய்த் தூளும் அரிசி மாவும் பைக்கற்றில் அடைத்து விற்கும் என் சின்ன நிறுவனத்துக்கு அதில் பாதி போதும். மயிலிட்டியில் வலையும் கயிறும் விற்கிற ஓர் அண்ணைக்கு மற்றப் பாதி. களஞ்சிய உரிமையாளரோடு இரண்டு வருடக் குத்தகை பேசியாயிற்று. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை எழுத, யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம்.

சாவி இருவரிடமும் இருக்கும். மின்சாரப் பட்டியலைக் கட்டுவது நான். எலிப்பொறி அவர் பொறுப்பு, எலிக்கு வலை என்றால் உயிர். காப்புறுதி அவரவர் பொருளுக்கு அவரவர். காலம், குத்தகை முடியும் வரை. எல்லாம் சிரிப்போடு போயிற்று. விலகுவது எப்படி என்று நான் வாய் திறந்ததும் அண்ணையின் முகம் கறுத்துவிட்டது.

“தொடங்கேக்கையே பிரியிற கதையோ, தங்கச்சி? கலியாணம் பேசேக்கை ஆராவது உப்பிடிக் கதைப்பினமோ?”

“அது இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன், அண்ணை.”

எழும்பிப் போய்விட்டார். எனக்குப் பிடிவாதம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார்.

“வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வாரும். ராகு காலத்திலை அந்தக் கெட்ட கதையைக் கதைச்சு முடிப்பம். பன்ரண்டுக்குப் பிறகு கையெழுத்து.”

சட்டத்தரணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் சரியாகப் பத்தரைக்கு உடன்படிக்கைக் கோவையைத் திறந்தார். விலக விரும்புகிறவர் ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றேன் நான்.

“நீங்களே விலகிறதெண்டால்?” என்று சட்டத்தரணி கேட்டார். மூன்று மாதத்துக்கு இறங்கினேன். அந்த மூன்று மாதமும், அல்லது மற்றவருக்குப் பிடித்த ஒருவர் இடத்துக்கு வரும்வரை, போகிறவர் தன் பங்கு வாடகையைக் கட்ட வேண்டும் என்று எழுதினோம்.

“ஏன் தங்கச்சி, உதிலை இவ்வளவு பிடி?” என்றார் அண்ணை.

சொன்னேன். முன்பு ஓரிடத்தில் வாய்ப்பேச்சை நம்பி இருந்தேன். மாரி மழைக்குள் ஒரு கிழமை அவகாசத்தில் எழுப்பிவிட்டார்கள். மா மூட்டைகள் நனைந்து களியாகின. தெருவில் நின்று அழுதேன்.

அண்ணை சட்டத்தரணியிடம், “மாரிக்குள்ளை ஒருத்தர் மற்றவரை வெளிக்கிடச் சொல்லப்படாது எண்டு போடுங்கோ” என்றார்.

“மாரி எண்டு எழுதேலாது, மாதம் சொல்லுங்கோ.”

ஒக்டோபர் தொடங்கி ஜனவரி முடியும் வரை என்று எழுதினோம். நான் கேட்கக் கூச்சப்பட்டது அதுதான். பன்னிரண்டேகாலுக்கு இருவரும் கையெழுத்து வைத்தோம்.

அந்த வருடம் முதல் பெருமழை கொட்டிய காலையில் தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி, பயப்பிடாதையும். ஸ்டோருக்குப் போய்ப் பாத்திட்டன். மா ஒண்டும் நனையேல்லை.”

உடன்படிக்கையில் அந்த வேலையை நாங்கள் யாருக்கும் எழுதவில்லை.