ஐந்துக்கு நான்கு

அந்தப் புதன்கிழமை விடியலில் வாசலில் இருந்தது நானும் அப்பாவும்தான். அம்மாவும் அக்காவும் இல்லை. அம்மாவுக்கு அன்று காலை மலாக்கா ஆஸ்பத்திரியில் பித்தக்கல் ஆபரேஷன். அக்கா துணைக்குப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மலாக்கா போக ஜாசின் பஸ் ஏறும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று. “நான் வர்ற வரைக்கும் படி வெறும் படியா கெடக்கக் கூடாது. விளக்கும் எரியணும். கோலம் இல்லாத வாசலப் பாத்தா, நான் போய்ச் சேந்துட்டேன்னு எஸ்டேட்டே பேசும். நம்ம வீட்டுக் கைதான் போடணும். ஒரே இழையா இருக்கணும், அறுந்துறக் கூடாது.”

எங்கள் குடும்பத்தில் ஆறாம் படிவம் வரை வந்தவன் நான்தான். கணக்கில் எப்போதும் ஏ. ஒரு கோலம் எனக்கு என்ன பெரிய விஷயம்?

திங்கட்கிழமை நான்கு வாளித் தண்ணீரை ஊற்றிப் படியைக் கழுவினேன். தண்ணீர் வடியும் முன்பே அரிசி மாவைத் தூவினேன். புள்ளிகள் எல்லாம் கரைந்து கஞ்சியாக ஓடின. செவ்வாய்க்கிழமை புத்தி வந்து, படியை நன்றாகக் காயவிட்டேன். செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த காற்று முதல் வரிசையை அப்படியே வாரிக்கொண்டு போனது. மறுபடி தெளித்து, ஈர்க்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன். சிமெண்டின் மினுமினுப்பு போய் நிறம் மட்டும் கறுத்திருக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அப்போதுதான் மாவு விழுந்த இடத்தில் ஒட்டுகிறது. கையில் ஈரம் இருந்தால் விரலிலேயே கட்டி பிடித்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை நழுவவிட வேண்டும், விரல் தரையைத் தொடவே கூடாது. இவ்வளவும் தெரியாமல்தான் பதினெட்டு வருஷம் அந்தப் படியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அக்காவின் நோட்டில் ஐந்து புள்ளி, நான்கு வரிசை என்று ஒரு சிக்குக் கோலம் இருந்தது. ஒரு வரிசையை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஐந்துக்கு ஐந்தாகத் திருத்தி, புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக இழுத்து ஓரங்களில் வளைத்தேன். பார்த்தால் இழை சீக்கிரமே தொடங்கின இடத்துக்கு வந்துவிட்டது. பாதிக்கு மேல் புள்ளிகள் தனியாகக் கிடந்தன. இன்னொரு இழை, இன்னொன்று என்று மொத்தம் ஐந்து.

எதிர் வீட்டு அத்தை பால்மரம் வெட்டப் போகிற வழியில் நின்றார். “என்னா தம்பி, பரீட்சைல எல்லாம் ஏ வாங்குற, வாசல்ல அஞ்சு துண்டா வெட்டி வச்சிருக்க?”

“அழகாத்தானே இருக்கு அத்தை?”

“அழகு இருக்குலா. ஆனா உங்கம்மா ஒரே இழைன்னுதானே சொல்லிட்டுப் போச்சு?”

சாயங்காலம் எஸ்டேட் கடை ஃபோனுக்கு அக்கா கூப்பிட்டாள். “அம்மா கேக்குது, கோலம் போட்டியான்னு.”

“போட்டேன்.”

“ஒரே இழையான்னு கேக்குது.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நாளைக்குக் காலைல ஒரே இழைதான்னு சொல்லு.”

“காலைல ஏழு மணிக்குக் கூப்பிடுறேன். எட்டு மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. அதுக்குள்ள கேக்கணுமாம்.”

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று இழை. நான்குக்கு இரண்டு என்றால் இரண்டு. மூன்றுக்கு இரண்டு, ஒன்றேதான். ஆறுக்கு நான்கு போட்டபோது இரண்டு வந்தது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. ஐந்தையும் நான்கையும் சேர்த்து வகுக்க ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. அக்கா எதையும் மறக்கவில்லை. திருத்தப் போனவன்தான் முட்டாள்.

புதன் காலை ஐந்தரைக்குத் தெளித்துப் பெருக்கினேன். வாசல் மாடப்பிறையில் அகல் எரிந்தாலும் வெளிச்சம் படியின் கீழ் ஓரத்துக்கு எட்டவில்லை. மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய அப்பா, அரிவாளைச் சுவரில் சாய்த்துவிட்டு விளக்கைக் கையில் எடுத்தார். கோலம் போடும் இடத்தில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. காற்றுக்கு உள்ளங்கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, என் விரல் போகும் பக்கமெல்லாம் குனிந்து வந்தார்.

பாதியில் பெரட்டு மணி அடித்தது.

“நீங்க போங்கப்பா. மண்டோர் பேர் கூப்பிட்டுருவாரு.”

“கூப்பிட்டா கூப்பிடட்டும். நீ இழைய வுட்றாத.”

இருபதாவது புள்ளியையும் சுற்றி இழை தொடங்கின இடத்தில் வந்து சேர்ந்தது. அப்பா விரலால் காற்றிலேயே அதை ஒரு சுற்று தொடர்ந்து பார்த்தார். விளக்கில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிறையில் வைத்துவிட்டு அரிவாளோடு ஓடினார்.

ஏழு மணிக்குக் கடை ஃபோன் அடித்தது. “ஒரே இழை,” என்றேன். “ஒரே இழையாம்மா,” என்று அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. “யாரு போட்டா, அவனா?” என்று அம்மா கேட்டதும் கேட்டது.

அம்மா அடுத்த ஞாயிறு திரும்பி வந்தார், அன்றைக்குப் போட்ட கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஏறி.

புதன்கிழமை அப்பா போனபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. அரை நாள்தான் வேலை கொடுத்தார்கள். போன அரை நாள் கூலி எட்டு வெள்ளி, நான் வீணாக்கிய மாவு ஒரு வெள்ளி இருபது காசு. அந்த ஒரே இழைக்கு மொத்தம் ஒன்பது வெள்ளி இருபது காசு.