பயணச் செலவு: கடப்பா

வீட்டில் எனக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. கணக்குத் தணிக்கைப் பிரிவில் காலமெல்லாம் குப்பை கொட்டியவளுக்கு வேறு என்ன பெயர் வரும்? கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சிரித்தால்கூட, எதற்கு இன்றைக்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். இந்தக் குணத்துக்காகவே அந்த வேலையில் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

நான் படித்த பள்ளி பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிற அரசு உதவி பெறும் பள்ளி. அதில் படித்து அமெரிக்கா போனவர்கள் அங்கே ஒரு முன்னாள் மாணவர் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்தின் பொருளாளர் என் வகுப்புத் தோழன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான்.

“நம்ம ஸ்கூலுக்கு லைப்ரரி வெச்சுத் தரலாம்னு இருக்கோம். எல்லாருக்கும் அப்பீல் லெட்டர் அனுப்பணும். ஹெச்.எம். எஸ்டிமேட் குடுப்பாங்க. ஊர்ல இருக்கறது நீ ஒருத்திதான், ரேட்டெல்லாம் சரியான்னு பாத்து ஓகே சொல்லு.”

எனக்கு முதல் சந்தேகம் அவன்மேல்தான். பள்ளியில் படித்த காலத்தில் நூலகம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் இவன். அவன் அனுப்பிய கடித நகலைப் பார்த்தால், நூலகத்தைப் பற்றி நாலு வரி, திறப்பு விழாவில் பதிக்கப்போகிற பெயர்ப் பலகையைப் பற்றிப் பத்து வரி. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டேன்.

பணம் வருகிற வழியிலும் எனக்குச் சந்தேகம். வெளிநாட்டுச் சங்கம் நேராகப் பள்ளிக்குப் பணம் அனுப்பக் கூடாது. அதற்கு மத்திய அரசிடம் பதிவோ அனுமதியோ வேண்டும், எங்கள் பள்ளிக்கு இரண்டும் இல்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டும், அவரவர் சேமிப்பிலிருந்து, அவரவர் பெயரிலேயே வங்கி வழியாகப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்குக்கு அனுப்பலாம் என்று விசாரித்துச் சொன்னேன். உடனே குடியுரிமை மாறியவர்களுக்குக் கோபம். “எங்க காசு மட்டும் என்ன, கள்ள நோட்டா?” என்று ஒருத்தர் சங்கத்தின் மின்னஞ்சல் குழுவில் எழுதினார். ஊரில் இருக்கிற நானே ஏதோ தில்லுமுல்லு செய்யப் பார்க்கிறேன் என்று இன்னொருத்தர். நன்றாக இருக்கிறது கதை!

நான் சந்தேகப்படாத ஒரே ஆள் தலைமை ஆசிரியை. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பிறந்த ஊர் ஆந்திராவில் கடப்பா. கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்கு வந்தவர், எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். மே மாதம் ஓய்வு பெறப்போகிறார். பழைய நூலக அறை அப்போது உடைந்த பெஞ்சுகள் போட்டுப் பூட்டிக் கிடந்தது. பள்ளி நிர்வாகத்தின் கரஸ்பாண்டென்ட்டுக்கு அந்த அறைமேல் ஒரு கண். டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டால் காசு.

“நான் இருக்கற வரைக்கும் சாவி என் கையில இருக்கும்மா,” என்றார் டீச்சர். “புஸ்தகத்த அடுக்கி, பசங்கள உள்ள உக்கார வெச்சுட்டேன்னா அப்புறம் யாரும் கை வைக்க மாட்டாங்க. மே மாசம் தாண்டிச்சுன்னா அந்த ரூம் போச்சு.”

எஸ்டிமேட்டைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். புத்தக அலமாரிக்கு இரும்பு ரேக் வேண்டாம், சுவரில் கடப்பாக் கல் பலகை பதித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆள்மேல் இல்லை, விலைமேல் சந்தேகப்பட்டு, பல்லாவரம் தாண்டி ரேடியல் ரோட்டில் இருக்கிற கல் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா மேடம், தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க வூட்டு கிச்சன்ல இன்னா கீது? கடப்பாதான? ரேக்கு வாங்கினா துரு புட்சிக்கும், மரம்னா கரையான் வரும். கடப்பா போட்டா அது பாட்டுக்கு நிக்கும்.”

அறுத்து, ஓரம் தேய்த்து, பதிக்கிற கூலியோடு சேர்த்து அவர் சொன்ன விலையும் டீச்சர் எழுதிய விலையும் ஒன்றாகவே இருந்தன. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஓகே என்று எழுதி, டீச்சர் தாளையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அப்பீல் கடிதம் எல்லோருக்கும் போனது. பட்ஜெட் சேர்த்த பிறகு எனக்கு ஒரு தடவை காட்டவில்லை. ஆபீஸ் விட்டு வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்தேன். கடிதம் வழக்கம்போல “நம்மை ஆளாக்கிய பள்ளி” என்று ஆரம்பித்தது. கீழே ஆங்கிலத்தில் பட்ஜெட் அட்டவணை. தமிழில் சொன்னால் இப்படி:

புத்தகங்கள், அகராதிகள் — ரூ. 60,000
மேஜை, நாற்காலி — ரூ. 38,000
மின்விசிறி, டியூப் லைட், வயரிங் — ரூ. 14,000
வெள்ளையடித்தல், ஜன்னல் வலை — ரூ. 11,500
பயணச் செலவு (கடப்பா) — ரூ. 16,500
மொத்தம் — ரூ. 1,40,000

கடைசிக்கு முந்தின வரியில் என் கண் நின்றுவிட்டது. பயணமா? யாருடைய பயணம்? அடப்பாவிகளா!

வீட்டுக்கு வந்து பொருளாளருக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். அவனுக்கு அப்போது விடிகாலை; விடியட்டும், எனக்கென்ன. அட்டவணையை அவன் மகள் போட்டுக் கொடுத்தாளாம். அங்கேயே பிறந்து காலேஜ் படிக்கிற பெண். டீச்சர் எழுதிய தாளில் ‘கடப்பா, கூலி உட்பட’ என்று இருந்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது வெறும் கடப்பா என்று போட்டுக்கொண்டாள். அப்புறம் மேப்பில் தேடிப் பார்த்தால் அது ஓர் ஊர். ஊர் என்றால் பயணம். அழகாக ஒரு தலைப்பின் கீழ் போட்டுவிட்டாள். சங்கத்துப் பெரியவர்கள் மொத்தத் தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

“சின்னத் தப்பு. மாத்திடறேன். எதுக்கு இவ்ளோ டென்ஷன் ஆகற?” என்றான்.

“டேய், டீச்சரோட பிறந்த ஊர் கடப்பாடா. மறந்துட்டியா?”

“கடப்பாவா? டீச்சருக்கா?” என்றான்.

அவன் மறந்திருந்தான். மற்றவர்கள் மறக்கவில்லை. மறுநாளே மின்னஞ்சல் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். “ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி அம்மா வீட்டுக்கு ஒரு டூர் போல.” “பஸ்ல போறாங்களா, பிளேன்லயா?” சிரிப்புப் பொம்மைகள் வேறு. இந்த டீச்சரிடம் குட்டு வாங்கிக் கணக்கு கற்றுக்கொண்டு, அந்தக் கணக்கை வைத்துப் பிழைக்கிற ஜென்மங்கள்! கடப்பா என்பது கல், அலமாரிக்கு என்று நான் எழுதினேன். ஒருத்தர், “ஆமா, எங்க வீட்டு அடுப்படியிலயே இருக்கே” என்று அசடு வழிந்தார். ஆனால் அடுத்தவர் விடவில்லை: “கல்லுன்னா அந்த ஊர்லேர்ந்துதானே வரும்? சொந்தக்காரங்க கடையா?” பில் பல்லாவரத்துக் கடையில்தான் என்று பதில் போட்டேன். அதற்கு ஒருத்தரும் பதில் போடவில்லை. ஒருத்தரும் பணமும் அனுப்பவில்லை. திருத்திய கடிதம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். திருத்துகிறேன் என்றவனோ, கமிட்டி கூடி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நாளைக் கடத்தினான்.

இதெல்லாம் டீச்சர் காதுக்குப் போகாது என்று நினைத்தேன். பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவருடைய தம்பி அந்தக் குழுவில் இருந்திருக்கிறான். நான் போனபோது டீச்சர் மேஜையில் கடிதத்தின் பிரிண்ட் இருந்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“தப்பு என்னோடதும்மா,” என்றார். “கல்லுன்னு ஒரு வார்த்த சேத்து எழுதியிருக்கணும். நாம கடப்பான்னு சொன்னாலே புரிஞ்சுக்குவோம், அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?”

அந்த வாரம்தான் கடப்பாவிலிருந்து போன் வந்தது. டீச்சருடைய அக்காவுக்கு உடம்பு மோசம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், வந்து பார்த்துவிட்டுப் போ என்று. டீச்சரை வளர்த்ததே அந்த அக்காதான்.

“உடனே கெளம்புங்க டீச்சர்,” என்றேன்.

“இப்பவா? இப்பப் போனா என்ன சொல்லுவாங்க? அந்த லெட்டர்ல இருக்கறதையே நான் பண்ணின மாதிரி ஆயிடாதா? புது லெட்டர் வந்துடட்டும்மா. வந்த அன்னிக்கே கெளம்பிடறேன்.”

“சொல்றவன் சொல்லிட்டுப் போறான் டீச்சர்!”

“எனக்காக இல்ல. பணம் வராம போயிடும். ரூம் போயிடும்.”

நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அசையவில்லை. அமெரிக்காவுக்கு விடாமல் போன் போட்டேன். பொருளாளரை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஒருவழியாகக் கமிட்டி கூடி, திருத்திய கடிதம் போனது. ‘சுவர் அலமாரி, கடப்பாக் கல், பதிக்கும் கூலி உட்பட’ என்று இந்தத் தடவை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு வரியும் கேட்டு வாங்கிப் போட்டேன்.

அந்தப் பிரிண்டை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டைக்கு ஆட்டோவில் பறந்தேன். டீச்சர் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடிதம் வந்த விஷயம் தெரிந்து கிளம்புகிறார் என்று நினைத்து, “அப்பாடா, வந்துடுச்சு டீச்சர், நிம்மதியாப் போயிட்டு வாங்க” என்றேன். அவர் கணவர் பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டினார். அக்கா அன்றைக்குக் காலையில் போய்விட்டிருந்தார்.

பணம் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடவே வந்தது. குற்ற உணர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாயின் ஆட்கள் வந்து கல் பதித்தார்கள். டீச்சர் ஊரில் காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது அறையில் சிமெண்டு ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தார். ஒரு கல்லின்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

பிறகு கைப்பையைத் திறந்து கோயம்பேட்டிலிருந்து போன பஸ் டிக்கெட்டையும் வந்த பஸ் டிக்கெட்டையும் எடுத்தார். இரண்டையும் ஒரு குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். என்னிடம் நீட்டினார்.

“என் காசுலதான் போனேன்மா. ஃபைல்ல வெச்சுடு, யாராவது கேப்பாங்க.”