டைரக்டர் பேருக்கு வந்த பார்சல்

எங்கள் சித்தப்பாவை வீட்டில் எல்லோரும் ‘முசியே’ என்போம். பிரெஞ்சு தெரியும் என்பதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம். சம்பாதிப்பது சித்தி. அவளுடைய தையல் கடையில் எம்பிராய்டரி மெஷினின் சர்க்யூட் போர்டு எரிந்துபோனது. புது போர்டு விமானத்தில் வந்து, கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமைக்குள் நர்சுகளின் சட்டைகளில் பெயர் தைத்துத் தராவிட்டால், ஆஸ்பத்திரி வேறு கடையைப் பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில், பார்சலை கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் ஏஜென்சியில் பேச்சு பிரெஞ்சில் மட்டும். முசியே சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

“போன் பேச எதுக்குச் சலவைச் சட்டை, சித்தப்பா?”

“உனக்கென்னடா தெரியும்.”

ஸ்பீக்கரைப் போட்டார். “போன்ஜூர், மதாம்” என்று மேடையில் மைக் கிடைத்தவர் மாதிரி இழுத்தார். அடுத்து மதாமின் நலம், வானிலை, பிரெஞ்சு மொழியின் அழகு. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“எல்-தே-ஆ நம்பர், முசியே?”

“என்னடா கேக்குறா?” என்றாள் சித்தி.

“ஏர்வே பில் நம்பர், சித்தி.”

முசியே கம்பீரமாக ஆர்டர் நம்பரை வாசித்தார். அது விற்றவர்களுடைய நம்பர், விமானச் சரக்குக்கு வேறு நம்பர் என்றாள் மதாம். சித்தி பில்லை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். வாசித்தார்.

ஃபைலைத் திறந்த அந்தப் பெண், பார்சல் ஒரு கம்பெனி பெயருக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். முசியேயின் பெயர், பின்னால் ‘அண்ட் சன்ஸ்’, அதற்கும் கீழே டைரக்டர் ஜெனரல். கம்பெனியின் இறக்குமதிப் பதிவு எண் இல்லாததால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். எண் என்ன? நான் சித்திக்குத் தமிழில் சொன்னேன்.

அவருக்கு இருப்பது ஒரே மகள். அவளும் இவரோடு பேசுவதில்லை.

“என் கடைக்குத்தான் பதிவு எண் இருக்கே. அதுல போடலையா நீங்க?”

“தையக்கடைன்னு போட்டா அவங்க என்ன நினைப்பாங்க?”

“இப்ப என்ன நினைக்கிறாங்களாம்? கேட்டுச் சொல்லுங்க.”

கேட்கவில்லை. அத்தனை நேரம் பொங்கிய பிரெஞ்சு வற்றி, “அப்படி ஒரு கம்பெனி இல்லை, மதாம்” என்ற ஒரே வாக்கியமாக நின்றது. நல்ல பிரெஞ்சு. உச்சரிப்பில்கூடக் குறையில்லை.

பெறுநரை மாற்றச் சொல்லி அனுப்பியவர்கள் மெயில் போட வேண்டும், கடை பெயரில் புது இன்வாய்ஸ் வேண்டும், இவரும் பார்சல் மீதான உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றாள் மதாம். அந்தக் கடிதத்தை நான் டைப் செய்தேன். “‘கம்பெனி சீரமைப்பில் உள்ளது’ன்னு போடுடா” என்றார் முசியே.

“‘இல்லை’ன்னு போடு” என்றாள் சித்தி.

போர்டு சனிக்கிழமை வந்தது. மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க சித்தி கைக்கு அகப்பட்ட துணியை மாட்டினாள். அகப்பட்டது அந்தச் சலவைச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே நீல நூலில் ‘டைரக்டர் ஜெனரல்’ என்று தைத்துப் பார்த்தாள். ஒரு இழைகூடப் பிசகவில்லை. ஞாயிறு முழுக்க நர்சுகளின் சட்டைகள் ஓடின.

முசியே அந்த எழுத்தைப் பிரித்துத் தரச் சொல்லவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்.